நாலு பேர், ஒரு புரொஃபைல், எந்நேரமும் போலீஸ் படம்

கேள்வி: "சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். வீட்டில் நான், மனைவி, அப்பா, காலேஜ் படிக்கும் மகள். ஒரே டிவி. ஒரு வருஷமா எந்த ஆப்பைத் திறந்தாலும் போலீஸ், கொலை, விசாரணை, இதே படங்கள்தான் வருது. அப்பா பழைய படம் கேட்கிறார். மகள் மலையாளம், மராத்தி பார்க்கணும்கிறா. ஒண்ணும் கண்ணிலேயே படறதில்லை. அக்கவுண்ட்டை அழிச்சிட்டுப் புதுசா ஆரம்பிச்சா சரியாகுமா?"

ஆகாது. புது அக்கவுண்ட்டுக்கு உங்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஒன்றும் தெரியாத ஆளிடம் எந்த ஆப்பும் ஊரில் அதிகம் ஓடுவதைத்தான் முதலில் நீட்டும். அதிலும் பாதி போலீஸ் படமாகவே இருக்கும். ராத்திரி சாப்பிட்டு உட்கார்ந்து அதில் ஒன்றை வைப்பீர்கள். ஒரு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நிற்பீர்கள். அக்கவுண்ட் அப்படியே இருக்கட்டும். அதற்குள் இருக்கும் புரொஃபைலைப் பிரிப்பதுதான் வேலை. ஆனால் பிரித்தால் மட்டும் போதாது, பிரித்த பிறகு முதல் இரண்டு மூன்று வாரம் எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

நான் ஒன்பது வருஷம் பெங்களூரில் ஒரு வீடியோ ஆப்பில், யாருக்கு எந்தப் படத்தைக் காட்டுவது என்று முடிவுசெய்யும் பரிந்துரை வேலையைப் பார்த்தவன். இப்போது அஸ்தம்பட்டியில் வீட்டோடு வேறு வேலை. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் மாதிரி பெரிய இடங்களுக்குள் நான் இருந்ததில்லை. அவர்களைப் பற்றிச் சொல்வதெல்லாம் அவர்களே கட்டுரையாகவோ உதவிப் பக்கத்திலோ வெளியிட்டவை. மற்றதெல்லாம் என் கை பட்டுத் தெரிந்தது. எது எந்த வகை என்று போகப் போகச் சொல்கிறேன்.

முதலில், "அல்காரிதம் எங்கள் ரசனையைத் தப்பாகப் புரிந்துகொண்டது" என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் அது சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கும். புரிந்ததை வைத்து முகப்புப் பக்கத்தை நிரப்பும்போதுதான் கோணல் வருகிறது. கணக்காகவே பார்த்துவிடலாம். உங்கள் வீட்டில் கடைசியாகப் பார்த்த இருபது படத்தில் பன்னிரண்டு போலீஸ் படம், ஐந்து குடும்பப் படம், மூன்று பழைய படம் என்று வையுங்கள். அதாவது அறுபது, இருபத்தைந்து, பதினைந்து சதவீதம். இப்போது டிவித் திரையில் பத்து இடம் காலியாக இருக்கிறது. முதல் இடத்தில் எதை வைத்தால் நீங்கள் அமுக்க வாய்ப்பு அதிகம்? போலீஸ் படம். சரி. இரண்டாவது இடத்தில்? அதே கேள்வி, அதே பதில். மூன்றாவதிலும் அதுவே. ஒவ்வொரு இடத்தையும் தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஜெயிப்பது அறுபதுதான். பத்து இடத்துக்கும் பத்து போலீஸ் படம். மூன்று பழைய படம் பார்த்த உங்கள் அப்பாவுக்கு ஒன்றரை இடமாவது வரவேண்டும் என்று நீதி பேசலாம். ஆனால் அந்தக் கணக்கில் அவருக்கு இடமே இல்லை.

இது என் கற்பனை இல்லை. நெட்ஃபிளிக்ஸில் வேலை பார்த்த ஹரால்ட் ஸ்டெக் என்ற ஆராய்ச்சியாளர் 2018-ல் இதைத்தான் எழுதினார். ஒருவர் எழுபது பங்கு காதல் படமும் முப்பது பங்கு ஆக்‌ஷன் படமும் பார்க்கிறார். துல்லியத்தை மட்டுமே குறியாக வைத்துப் பட்டியல் போட்டால் நூறும் காதல் படமாகிவிடும் என்பது அவர் கொடுத்த உதாரணம். அவர் சொன்ன மருந்து எளிமையானது. பட்டியல் தயாரான பிறகு அதை இன்னொரு முறை அலசி, நீங்கள் பார்த்த விகிதமும் காட்டும் விகிதமும் ஓரளவு ஒத்துப்போகும்படி மாற்றி அடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் துல்லியம் கொஞ்சம் குறையும். எவ்வளவு குறைந்தால் பரவாயில்லை என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தனக்குள் வைத்திருக்கும் ஒரு திருகு என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் திருகைப் பெரும்பாலும் வெளியே காட்டுவதில்லை, பயனர் கையில் கொடுப்பதும் இல்லை.

இதில் உங்கள் வீட்டுக்கென்று இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் வைக்கும்போது யாருக்கும் ரொம்பப் பிடித்த படத்தை வைப்பதில்லை. யாரும் எழுந்து போகாத படத்தைத்தான் வைக்கிறோம். ராத்திரி ஒன்பது மணிக்கு, அப்பா முகம் சுளிக்காமல், மகள் போனை எடுக்காமல் இரண்டு மணி நேரம் ஓட்டக்கூடியது விசாரணைப் படம்தான். அடுத்து என்ன என்ற ஆவல் எல்லாருக்கும் பொது. ஆக அந்தப் புரொஃபைல் கற்றுக்கொண்டது உங்கள் நாலு பேரின் ரசனையை இல்லை, நாலு பேரின் சமரசத்தை. அது சமரசம் என்று ஆப்புக்குத் தெரிய வழியில்லை. ஒரே ஆள், அந்த ஆளுக்குப் போலீஸ் படம் என்றால் உயிர், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது.

மகள் கேட்கும் மராத்திப் படம் ஏன் கண்ணிலேயே படுவதில்லை என்பதற்குக் காரணம் வேறு. அதற்கும் ஒரு கணக்கு சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள், இந்தத் தொழிலின் மையமே அதுதான். இரண்டு படம் ஒன்றுக்கொன்று நெருக்கமா என்று பார்க்க ஆப் கதையைப் படிப்பதில்லை. முக்கியமாகப் பார்ப்பது, இரண்டையும் பார்த்த வீடுகள் எத்தனை என்பதை. பத்தாயிரம் வீடு இருக்கும் ஊர் என்று வையுங்கள். நீங்கள் பார்த்த போலீஸ் படத்தை இரண்டாயிரம் வீடு பார்த்திருக்கிறது. பெரிய நடிகர் நடித்த இன்னொரு போலீஸ் படத்தை இரண்டாயிரத்து ஐந்நூறு வீடு. இரண்டையும் பார்த்தவை ஆயிரம். ஒரு சின்ன மராத்திப் படத்தை மொத்தமே இருபது வீடுதான் பார்த்தது. அந்த இருபதில் பன்னிரண்டு வீடு உங்கள் போலீஸ் படத்தையும் பார்த்தவை. இப்போது நெருக்கத்தை அளக்கும் பழைய சூத்திரம் ஒன்று இருக்கிறது. இரண்டையும் பார்த்தவர் எண்ணிக்கையை, தனித்தனி எண்ணிக்கைகளைப் பெருக்கி வர்க்கமூலம் எடுத்ததால் வகுக்க வேண்டும்.

```
1000 / √(2000 × 2500) = 0.45
12 / √(2000 × 20) = 0.06
```

பெரிய படம் 0.45, மராத்திப் படம் 0.06. ஆனால் சதவீதமாகப் பாருங்கள். பெரிய படம் பார்த்தவர்களில் நாற்பது சதவீதம்தான் உங்கள் படத்தைப் பார்த்தவர்கள். மராத்திப் படம் பார்த்தவர்களில் அறுபது சதவீதம். ரசனையாகப் பார்த்தால் மராத்திப் படம்தான் உங்களுக்கு நெருக்கம். தலை எண்ணினால் அது தோற்றுப்போகிறது.

அப்படியானால் சதவீதத்தையே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். நாங்களும் ஒரு முறை செய்து பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டோம். மூன்று பேர் பார்த்த படத்தை மூன்று பேரும் இன்னொன்றோடு சேர்த்துப் பார்த்திருந்தால் அது நூறு சதவீதம் ஆகிவிடும். யாரோ தூக்கத்தில் அமுக்கிய படமெல்லாம் முகப்பில் ஏறி உட்கார்ந்தது. அதனால்தான் எண்ணிக்கை சின்னதாக இருக்கும்போது மதிப்பெண்ணை வேண்டுமென்றே அமுக்கி வைப்பார்கள். உதாரணமாக, சேர்ந்து பார்த்த வீடு பன்னிரண்டு என்றால் பன்னிரண்டை நூற்றுப் பன்னிரண்டால் வகுத்து, வரும் பத்தில் ஒரு பங்கு நம்பிக்கையைத்தான் அந்தப் படத்துக்குக் கொடுப்பார்கள். ஆயிரம் வீடு என்றால் ஆயிரத்தை ஆயிரத்து நூறால் வகுப்பது. ஏறக்குறைய முழு நம்பிக்கை. இன்றைக்குப் பெரிய ஆப்புகள் இந்தச் சூத்திரத்தை நேரடியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை, தகவலிலிருந்து தானே கற்கும் நரம்பு வலையமைப்புகள் எவ்வளவோ அடுக்கில் வந்துவிட்டன. ஆனாலும் குறைவாகப் பார்க்கப்பட்டதைச் சந்தேகத்தோடு பார்க்கும் குணம் அப்படியே இருக்கிறது. அது கெட்ட எண்ணத்தில் வந்ததும் இல்லை.

இன்னொரு முடிச்சு, தான் காட்டியதிலிருந்துதான் ஆப் கற்கும். நம்மூர்த் தட்டுவடை செட் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முன்தட்டில் தட்டுவடை செட்டும் நொறுக்கலும் மட்டுமே இருக்கிறது. முறுக்கு செட் உள்ளே டப்பாவில் மூடி இருக்கிறது. ராத்திரி கணக்குப் பார்த்த கடைக்காரர் "முறுக்கு செட்டை யாரும் கேட்கவே இல்லை, நாளைக்கு இன்னும் உள்ளே தள்ளு" என்கிறார். கேட்காததற்குக் காரணம் பிடிக்காததா, கண்ணில் படாததா என்பது அந்தக் கணக்கில் இல்லை. நெட்ஃபிளிக்ஸ்காரர்கள் 2015-ல் வெளியிட்ட கட்டுரையில், ஒருவர் அறுபதிலிருந்து தொண்ணூறு விநாடி வரைதான் தேடுவார், பத்திருபது தலைப்பைக் கண்ணால் மேய்வார், அதற்குள் ஒன்றும் சிக்கவில்லை என்றால் ஆர்வம் போய்விடும் என்று எழுதினார்கள். பார்க்கப்படும் நேரத்தில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பரிந்துரை வழியாகத்தான் வருகிறது, தேடி எடுப்பது மீதி இருபதுதான் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. தொண்ணூறு விநாடிதான் கையில் இருக்கிறது என்றால் கடைக்காரர் முறுக்கு செட்டை வைத்துச் சோதனை செய்வாரா? அங்கங்கே ஒன்றிரண்டு இடத்தைச் சோதனைக்கென்று ஒதுக்கி வைக்கும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. ஆனால் அது கறிவேப்பிலை அளவுதான்.

இடையில் ஒரு சின்ன விஷயம். சில சமயம் படங்கள் வேறு வேறாகவே இருக்கும், போஸ்டர்தான் ஒரே மாதிரி இருக்கும். ஒரே படத்துக்குப் பல போஸ்டர்களைத் தயாராக வைத்து, ஆளுக்குத் தக்கபடி மாற்றிக் காட்டுவதாக நெட்ஃபிளிக்ஸே 2017-ல் எழுதியிருக்கிறது. உங்கள் புரொஃபைலுக்குப் போலீஸ் பிடிக்கும் என்று தெரிந்தால், ஒரு குடும்பப் படத்தில் இரண்டு நிமிடம் வந்துபோகும் இன்ஸ்பெக்டரின் முகமே போஸ்டராக வரலாம். அதனால் முகப்பைப் பார்த்து "எல்லாம் அதேதான்" என்று தள்ளிக்கொண்டே போகாமல், இரண்டு மூன்றின் மேல் நிறுத்திக் கதைச் சுருக்கத்தைப் படித்துப் பாருங்கள்.

இனி செய்ய வேண்டியது. நாலு பேருக்கு நாலு புரொஃபைல், கூடவே "வீடு" என்று ஐந்தாவது ஒன்று. நெட்ஃபிளிக்ஸில் ஒரு அக்கவுண்ட்டுக்கு ஐந்து வரை அனுமதி உண்டு. இந்த ஐந்தாவதுதான் முக்கியம் என்பேன். சேர்ந்து பார்க்கும் சமரசப் படமெல்லாம் அதற்குள் போகட்டும். இப்போது இருக்கும் பழைய புரொஃபைலுக்கே "வீடு" என்று பெயர் மாற்றிவிட்டால் போதும். அதன் போலீஸ் படங்கள் அதனோடே இருந்துவிட்டுப் போகட்டும். மற்ற நாலும் புதிது. புதுப் புரொஃபைல் தொடங்கும்போது பிடித்த தலைப்புகளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லிக் கேட்டால் தாண்டிப் போகாதீர்கள். தேர்ந்தெடுக்காமல் தாண்டினால் பொதுவாகப் பிரபலமானதில் இருந்துதான் தொடங்கும் என்று அவர்கள் உதவிப் பக்கத்திலேயே சொல்கிறார்கள்.

அடுத்தது மொழி. நம்மூரில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். நெட்ஃபிளிக்ஸில் புரொஃபைல் அமைப்புக்குள் போனால், திரையில் எழுத்து எந்த மொழியில் இருக்க வேண்டும் என்பது ஒன்று, எந்த மொழிப் படங்கள் பார்ப்பீர்கள் என்பது இன்னொன்று, இரண்டும் தனித்தனியாக இருக்கும். இரண்டாவதில் தமிழ் மட்டும் குறியிட்டுவிட்டு "மலையாளப் படமே வரமாட்டேன் என்கிறது" என்று புலம்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மகளின் புரொஃபைலில் மலையாளத்தையும் மராத்தியையும் குறியிடச் சொல்லுங்கள். இதை டிவி ரிமோட்டில் தேடி அல்லாடாமல் போன் பிரவுசரிலோ கம்ப்யூட்டரிலோ செய்வது சுலபம்.

அதன் பிறகு முதல் மூன்று வாரம் ஒரு விரதம். அந்தந்தப் புரொஃபைலில் முகப்புப் பக்கத்திலிருந்து எதையும் எடுக்காதீர்கள். தேடி மட்டும் எடுங்கள். காரணம் மேலே சொன்னதுதான். முகப்பிலிருந்து எடுத்தால் அது காட்டியதற்குள்தான் சுற்றுவீர்கள், தேடினால் அது காட்டாத ஒன்றை நீங்களே உள்ளே கொண்டுவருகிறீர்கள். தேடும்போது ஒரு படத்தோடு நிற்காதீர்கள். தனியாக ஒரு மராத்திப் படம் பார்த்தால் அது விபத்து மாதிரி. ஒரே சாயலில் நாலைந்து படம், ஒன்றன்பின் ஒன்றாக, முடியும் வரை பார்த்தால்தான் அந்தப் பக்கம் ஒரு வழி இருக்கிறது என்று அதற்குப் படும். அண்மையில் பார்த்தது பழையதைவிடக் கனமாக எடுத்துக்கொள்ளப்படும் என்பதும், எவ்வளவு நேரம் பார்த்தீர்கள் என்பது கணக்கில் சேரும் என்பதும் நெட்ஃபிளிக்ஸ் தானே சொல்லியிருப்பது. புதுப் புரொஃபைலில் எதிர்த்து நிற்கப் பழைய படமே இல்லை, அதனால் அங்கே ஐந்து படத்துக்கு இருக்கும் பலம், நானூறு படம் பார்த்த பழைய புரொஃபைலில் இருக்காது.

முடியும் வரை என்று நான் அழுத்திச் சொல்வதற்கு ஏற்காட்டுக் கதை ஒன்று இருக்கிறது. என் பெரியப்பா மலையில் ஒரு காபித் தோட்டத்தில் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்றவர், அங்கேயே வீடு. நிதானமாகப் போகும் மலையாளக் குடும்பப் படங்கள் அவருக்குப் பிடிக்கும். அவருக்கென்று தனிப் புரொஃபைல் போட்டு, மொழியெல்லாம் சரியாக வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். ஒரு மாதம் கழித்துப் போனால் முகப்பு முழுக்க அடிதடிப் படம். "நான் இதெல்லாம் பார்க்கவே இல்லடா" என்கிறார். பார்த்த வரலாற்றைத் திறந்தேன். மலையாளப் படம் ஏழு தொடங்கியிருக்கிறார், ஏழும் இருபது முப்பது நிமிடத்தில் நின்றிருக்கின்றன. ஊருக்குள் பனி இறங்கினால் அவர் வீட்டில் சிக்னல் போய்விடும். படம் சுற்றிக்கொண்டே நிற்கும், அவர் டிவியை அணைத்துவிட்டுத் தூங்கப் போவார். மறுநாள் அதைத் தொடரத் தெரியாமல் வேறொன்றைத் தொடங்குவார். மதியம் வெயிலடிக்கும்போது பேரன் வந்து அதே புரொஃபைலில் அடிதடிப் படம் இரண்டை முழுசாகப் பார்த்திருக்கிறான். ஆப்பின் பார்வையில் இதைப் பாருங்கள்: மலையாளம் ஏழு, ஏழும் பாதியில் விட்டது, அடிதடி இரண்டு, இரண்டும் முடித்தது.

சிக்னல் போனதால் நின்றதா, பிடிக்காமல் நின்றதா என்று பிரித்துப் பார்க்க முடியும், முடியாமல் இல்லை. நான் இருந்த இடத்தில் படம் நின்ற காரணம் தனியாகப் பதிவாகும். ஆனால் பரிந்துரைக்குப் போகும் தகவலில் அந்தக் காரணத்தைச் சேர்க்காமலே இரண்டு வருஷம் ஓட்டினோம். மலைப்பகுதி, கிராமப் பகுதிப் பயனர்களுக்கு மட்டும் ஏன் பரிந்துரை சொதப்புகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டோம். எல்லா ஆப்பும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. பாதியில் நின்றதை மறுநாள் முடித்துவிடுங்கள், அது எப்படியிருந்தாலும் உங்களுக்கு நல்லது என்கிறேன். பெரியப்பாவுக்குச் செய்தது இவ்வளவுதான்: பேரனுக்குத் தனிப் புரொஃபைல், அடிதடிப் படம் இரண்டையும் வரலாற்றிலிருந்து மறைத்தது, பகலில் சிக்னல் நன்றாக இருக்கும்போது நாலு படத்தைப் போனில் இறக்கிவைத்து அதிலேயே முடிக்கச் சொன்னது. டிவியில்தான் பார்ப்பேன் என்று முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு போர்வைக்குள் போனோடு படுத்துவிடுகிறார் என்று பெரியம்மா புகார்.

மறைப்பது எப்படி என்று கேட்பீர்கள். நெட்ஃபிளிக்ஸில் பிரவுசர் வழியாக அக்கவுண்ட்டுக்குள் போய், அந்தப் புரொஃபைலைத் திறந்து `Viewing activity` என்ற பட்டியலுக்குப் போங்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மறைக்கும் குறி இருக்கும். மறைத்தது எல்லாக் கருவியிலும் நடைமுறைக்கு வர இருபத்து நாலு மணி நேரம் வரை ஆகலாம். மறுபடி அதே படத்தைப் பார்க்காத வரை அது பரிந்துரைக் கணக்கில் வராது. பிரைம் வீடியோவிலும் பார்த்த வரலாற்றிலிருந்து நீக்கும் வசதி உண்டு. எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்காதீர்கள். துடைத்தால் முதலில் சொன்ன புது அக்கவுண்ட் கதைதான். உங்களுடையதில்லாததை மட்டும் பொறுக்கி மறையுங்கள்.

இனி நிச்சயமாகச் சொல்ல முடியாதவை. கட்டைவிரலைக் கீழே காட்டினால் அந்த ஒரு படம் பெரும்பாலும் ஒதுங்கும். அந்த வகையே ஒதுங்குமா என்பது ஆப்புக்கு ஆப்பு மாறும். என் அனுபவத்தில் வெறுப்பைச் சொல்வதைவிட விருப்பத்தைச் சொல்வதற்குப் பலன் அதிகம், ஏனென்றால் "இது வேண்டாம்" என்பது எது வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. பிடித்ததற்கு விரலை மேலே காட்டுங்கள். நெட்ஃபிளிக்ஸில் 2022-லிருந்து இரட்டை விரலும் இருக்கிறது, ரொம்பப் பிடித்ததற்கு அதை வையுங்கள். பிறகு பார்க்கலாம் என்று பட்டியலில் சேர்த்து வைப்பதை நான் பெரிதாக நம்ப மாட்டேன். சேர்த்தவர்கள் பார்ப்பதில்லை என்பது எங்கள் ஆபீஸில் நிரந்தர ஜோக். ஆளில்லாமல் படத்தை ஓடவிட்டு "ஏமாற்றுவது" வீண் வேலை. அடிக்கடி "இன்னும் பார்க்கிறீர்களா" என்று கேட்டு நின்றுவிடும், கரண்ட் பில்தான் மிச்சம்.

மாறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மனசுக்குத் தோன்றுவதை நம்பாதீர்கள், எண்ணுங்கள். தொடங்கும் நாளில் மேலே இருந்து மூன்று வரிசை, ஒவ்வொன்றிலும் முதல் ஐந்து, ஆகப் பதினைந்து தலைப்பையும் ஒரு தாளில் எழுதி, எத்தனை போலீஸ் படம் என்று குறித்து வையுங்கள். டாப் 10 வரிசையை இதில் சேர்க்காதீர்கள், அது நாட்டுக்கே பொது. பாதியில் விட்டதைத் தொடரும் வரிசையும் வேண்டாம். பத்து நாளைக்கு ஒருமுறை திரும்ப எழுதுங்கள், முடிந்தால் அதே நேரத்தில்; எந்த நேரத்தில் பார்க்கிறீர்கள் என்பதற்கேற்பவும் முகப்பு மாறும். பெரியப்பா புரொஃபைலில் முதல் நாள் பதினைந்தில் பதினொன்று அடிதடி. மூன்றாவது எண்ணிக்கையில் நாலு. பூஜ்யம் ஆகாது, ஆகவும் வேண்டாம். ஒரு மாதம் கழித்தும் எண் அசையவில்லை என்றால் பெரும்பாலும் வேறு யாரோ அந்தப் புரொஃபைலில் பார்க்கிறார்கள், வரலாற்றைத் திறந்து பாருங்கள்.

உங்கள் அப்பாவின் பழைய படம் மட்டும் இதிலெல்லாம் தீராது, அதை நேராகச் சொல்லிவிடுகிறேன். சரக்கு இல்லாத கடையில் எந்த அல்காரிதமும் எடுத்துக் கொடுக்காது. ஏற்காடு ரோட்டில் போகும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தினமும் தாண்டிப் போகிறோம். 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய சினிமா ஸ்டுடியோ அது, நூற்றுக்கும் மேல் படம் எடுத்தார்கள், தமிழின் முதல் முழுநீளக் கலர்ப் படம் 1956-ல் அங்கிருந்துதான் வந்தது. காசு கட்டும் ஓடிடி ஒன்றில் அந்தக் காலப் படங்களைத் தேடிப் பாருங்கள், விரல் விட்டு எண்ணிவிடலாம். அவை இருப்பது யூடியூபில்தான். ஆனால் அங்கே சிக்கல் வேறு மாதிரி. ஏற்றியவர்கள் தலைப்பில் "சூப்பர் ஹிட் முழு நீளத் திரைப்படம்" என்று போட்டிருப்பார்கள், வருஷமோ இயக்குநர் பெயரோ இருக்காது. ஆகவே எந்தப் படம் எதோடு சேர்ந்தது என்று சொல்ல யூடியூபுக்குப் பார்த்தவர்களின் பழக்கம்தான் முக்கிய ஆதாரம். அந்தப் பழக்கம் என்ன? அப்பா வயதில் பலரும் நாலு நிமிடப் பாட்டு, பத்து நிமிடக் காமெடித் துண்டு என்றுதான் பார்க்கிறார்கள். துண்டு பார்த்தால் துண்டுதான் வரும்.

அதனால் அப்பாவுக்கு யூடியூபில் ஒரு தனிக் கூகுள் கணக்கு வைத்து டிவியில் அதையும் சேர்த்துவிடுங்கள். அதில் பாட்டு, காமெடி, செய்தி எதுவும் வேண்டாம், அதெல்லாம் உங்கள் கணக்கில் பார்க்கட்டும். படத்தின் பெயரையோ நடிகர் பெயரையோ தேடி, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். முகப்பில் துண்டு எட்டிப் பார்த்தால் மூன்று புள்ளியை அமுக்கி `Not interested` கொடுங்கள். துண்டு துண்டாகவே போடும் சேனல் என்றால் `Don't recommend channel`. தொல்லை என்று பார்த்த வரலாற்றையே நிறுத்தி வைத்துவிடாதீர்கள். பதிவான வரலாறு இல்லாத கணக்குக்கு 2023-லிருந்து யூடியூப் முகப்பே வெறுமையாகத்தான் வரும். அப்பா டிவி கெட்டுப்போய்விட்டது என்று உங்களுக்கு ஆபீஸுக்குப் போன் போடுவார்.